கூடுதல் ஆள் கேட்பதற்கு முன்: குழுவின் பாட்டில்நெக்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

2004ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட்டின் ஐடி துறைக்குள் எக்ஸ்ஐடி என்றொரு சிறிய பராமரிப்புக் குழு இருந்தது. கம்பெனி ஊழியர்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் சுமார் 80 மென்பொருள்களில் சின்னச் சின்ன மாற்றங்களையும் பிழைத்திருத்தங்களையும் செய்வதுதான் அதன் வேலை. வேலை நடந்தது ஹைதராபாத்தில், ஒரு ஒப்பந்த நிறுவனம் மூலமாக. மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள், ஒரு உள்ளூர் மேலாளர். வேலை கேட்பவர்கள் அமெரிக்காவின் ரெட்மண்டில் இருந்தார்கள்.

ஒரு கோரிக்கை உள்ளே வந்து, முடிந்து, கேட்டவர் கைக்குப் போய்ச்சேர சராசரியாக 155 நாட்கள் ஆயின. வரிசையில் 80க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் காத்துக்கிடந்தன, மாதாமாதம் அது நீண்டுகொண்டும் போனது. இந்தக் குழுவுக்குப் பொறுப்பேற்க யாரும் ஆசைப்படாத நிலையில் டிராகோஸ் டுமிட்ரியு என்பவர் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆலோசனை சொன்னவர் அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இருந்த டேவிட் ஆண்டர்சன்.

2005 நவம்பருக்குள் 155 நாள் என்பது 14 நாளாகக் குறைந்தது. தேங்கியிருந்த வரிசை தீர்ந்துபோனது. ஒரு காலாண்டில் முடியும் வேலை மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. கோடு எழுதும் முறையோ டெஸ்ட் செய்யும் முறையோ மாறவில்லை. ஆட்கள் சேர்க்கப்பட்டது கடைசியில்தான், அதுவும் இரண்டே பேர்.

என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்போம். உங்கள் குழு மென்பொருள் குழுவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேலை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாறிப்போகும் எந்த இடத்துக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

## அடிப்படை: ஒரு படிதான் வேகத்தை முடிவு செய்கிறது

இதன் பின்னால் இருக்கும் சிந்தனை எலியாஹு கோல்ட்ராட் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளருடையது. தொழிற்சாலைகளின் உற்பத்தித் திட்டமிடலில் இறங்கிய அவர், 1980களில் இதைத் தியரி ஆஃப் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற பெயரில் வளர்த்தெடுத்தார்.

வேலை ஐந்து படிகளைக் கடந்து வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு படிகள் வாரத்துக்கு 10 வேலை முடிக்கக்கூடியவை, ஒரு படி மட்டும் 6தான். அப்படியானால் குழு முடிப்பது வாரத்துக்கு 6. மற்ற நான்கில் எதை 15 ஆக்கினாலும் வெளியே போவது 6தான். அந்தக் கூடுதல் உழைப்பெல்லாம் மெதுவான படியின் முன்னால் குவியலாகச் சேரும், அவ்வளவுதான். மெதுவான படியை 7 ஆக்கினால் அன்றைக்கே குழுவின் வேகமும் 7. இந்த மெதுவான படியைத்தான் பாட்டில்நெக் என்றும் தடை என்றும் சொல்கிறோம்.

இதைக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் குழு திணறும்போது நடப்பது வேறு. எல்லோரையும் கூட்டி வைத்து, எல்லோரும் கொஞ்சம் வேகம் எடுங்கள் என்போம். பட்ஜெட் கிடைத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஆளுக்கு ஒருவரைக் கொடுப்போம். ஐந்தில் நான்கு பங்கு முயற்சி இப்படித்தான் வீணாகிறது. பாரபட்சம் இல்லாமல் பிரித்துக் கொடுப்பது நியாயமாகத் தெரியலாம், ஆனால் இந்த இடத்தில் அது தப்பு.

## படி 1: எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உங்கள் குழுவிலிருந்து வெளியே போகும் ஒரு அலகு எது? எக்ஸ்ஐடிக்கு அது ஒரு மாற்றக் கோரிக்கை. வீடியோ தயாரிக்கும் குழுவுக்கு ஒரு வெளியான வீடியோ, கடன் பிரிவுக்கு ஒரு பைசல் ஆன விண்ணப்பம். கேட்டவர் கைக்குப் போய்ச்சேர்ந்தால்தான் ஒன்று என்று எண்ண வேண்டும். 90 சதவீதம் முடிந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கேட்டவர் கேட்ட நாளில் இருந்துதான் என்று வைப்பது நல்லது. நாங்கள் கையில் எடுத்த நாளில் இருந்து என்று எண்ணினால் மிகப்பெரிய காத்திருப்பு கணக்கில் இருந்து மறைந்துவிடும்.

அப்புறம் ஒரு தாளில் அந்த அலகு போகும் பாதையை வரையுங்கள். நடைமுறைக் கையேட்டில் இருக்கும் பாதையை நம்ப வேண்டாம். சமீபத்தில் முடிந்த ஏழெட்டு வேலைகளை எடுத்து, மின்னஞ்சல்களையும் குறிப்புகளையும் பார்த்து, அவை உண்மையில் யார் யார் கையில் போய் நின்றன என்று வரையுங்கள். ஒப்புதலுக்காக நின்றது, திருப்பி அனுப்பப்பட்டது, மதிப்பீடு கேட்டுப் போனது எல்லாம் அதில் வர வேண்டும். எக்ஸ்ஐடியில் மொத்தக் குட்டும் உடைந்தது இந்தப் படத்தில்தான். டெவலப்மென்ட், டெஸ்டிங் என்ற இரண்டு பெரிய கட்டங்களுக்கும் முன்னால், யாரும் ஒரு வேலையாகவே மதிக்காத இன்னொரு கட்டம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

## படி 2: எங்கே காத்திருக்கிறது என்று பாருங்கள்

யார் ரொம்ப பிஸி என்று கேட்டால் பாட்டில்நெக் கிடைக்காது. எல்லோரும் பிஸிதான். மெதுவான படி முன்னால் குவியல் சேர்ந்த பிறகும் அதற்கு முந்தைய படியில் இருப்பவர்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், குவியலைப் பெரிதாக்கியபடி. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, ஆனால் அவர்களின் வியர்வையால் வெளியே போகும் எண்ணிக்கை ஒன்றும் கூடாது.

ஆகவே மனிதர்களைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள். பாதையின் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போது யாராவது கைவைத்துச் செய்துகொண்டிருப்பது எத்தனை, யாரும் தொடாமல் நிற்பது எத்தனை. இதை ஒரே ஒரு நாள் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், நான்கைந்து வாரம் தொடர்ந்து எடுங்கள். குவியல் தொடர்ந்து ஒரே படியின் முன்னால் நின்றால், அந்தப் படிக்கு அடுத்த படியில் இருப்பவர்கள் அவ்வப்போது வேலை வராமல் காத்திருந்தால், நடுவில் இருக்கும் அந்தப் படிதான் பாட்டில்நெக்.

குவியல், பின்னால் வறட்சி. இந்த இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். எக்ஸ்ஐடியில் டெவலப்பர்கள் முன்னால் 80 கோரிக்கை, டெஸ்டர்களுக்கோ நேரம் மிச்சம் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது:

```
சராசரி காத்திருப்பு = உள்ளே நிற்கும் வேலைகள் ÷ ஒரு வாரத்தில் வெளியேறும் வேலைகள்
```

உள்ளே 40 வேலை நிற்கிறது, வாரம் 5 வெளியேறுகிறது என்றால் புதிதாக வருபவர் சராசரியாக 8 வாரம் காத்திருப்பார். உங்கள் குழு வாடிக்கையாளரிடம் மூன்று வாரத்தில் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டிய நேரம் இது. வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக இருக்கும் குழுவுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். குவியல் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தால் நிஜம் இதைவிட மோசமாக இருக்கும்.

### ஏமாற்றும் குவியல்கள்

சில குவியல்கள் பாட்டில்நெக் மாதிரியே தோன்றும், ஆனால் இல்லை. மேலாளர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஒப்புதல் கையெழுத்துப் போடுவார் என்றால் வியாழக்கிழமை அவர் மேசையில் மலைபோல் குவிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அவரிடம் நேரம் குறைவாக இல்லை, வாரம் ஒருமுறை என்ற பழக்கம்தான் காத்திருக்க வைக்கிறது. தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், ஆள் தேவையில்லை.

இன்னொன்று, பாதி வெந்த வேலை வந்து குவிவது. விவரம் போதாமல் வந்த விண்ணப்பங்கள் ஒருவரிடம் நிற்கின்றன என்றால் குறை அவருக்கு முந்தைய படியில். குவியலில் இருந்து பத்தை எடுத்து, இதை இப்போதே தொடங்க முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு முடியாது என்று பதில் வந்தால் நீங்கள் தேடுவது இது இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் சின்னப் பரிசோதனை ஒன்று செய்யலாம். சந்தேகப்படும் படியில் இருப்பவரை இரண்டு வாரத்துக்கு மீட்டிங், அறிக்கை, போன் எல்லாவற்றிலும் இருந்து விடுவியுங்கள். கடைசியில் வெளியே போகும் எண்ணிக்கை உயர்கிறதா? உயர்ந்தால் அதுதான். அந்தப் படியின் முன்னால் இருந்த குவியல் அடுத்த படிக்கு இடம் மாறியதே தவிர வெளியேறும் எண்ணிக்கை மாறவில்லை என்றால் உண்மையான தடை இன்னும் கீழே இருக்கிறது.

## படி 3: பாட்டில்நெக்கின் நேரம் எங்கே போகிறது?

முழு வழிமுறையிலும் அதிக லாபம் தரும் படி இதுதான், அதிகம் தாண்டிப் போகப்படுவதும் இதுதான். மெதுவான படி தெரிந்தவுடன் அங்கே ஆள் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் மணி நேரங்கள் எதற்குச் செலவாகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ஐடியில் யாரும் மதிக்காத கட்டம் என்று சொன்னேன் அல்லவா, அது மதிப்பீடு. ஒவ்வொரு கோரிக்கை வந்ததும் 48 மணி நேரத்துக்குள் இதற்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று தோராயமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. இதற்கு ஒரு டெவலப்பருக்கும் ஒரு டெஸ்டருக்கும் ஏறக்குறைய ஒரு நாள் போனது. கூட்டிப் பாருங்கள்: மாதம் சுமார் 20 கோரிக்கை வந்தால் 20 டெவலப்பர் நாட்கள். மூன்று டெவலப்பர்களுக்கு மாதத்தில் இருப்பது சுமார் 60 வேலை நாட்கள். மூன்றில் ஒரு பங்கு நேரம், ஒரு வரி கோடும் எழுதாமல் கரைகிறது.

அதோடு நிற்கவில்லை. மதிப்பிட்டவற்றில் ஏறக்குறைய பாதி, செலவு அதிகம் என்றோ தேவை போய்விட்டது என்றோ செய்யப்படாமலேயே கைவிடப்பட்டன. அதற்கு மேல், 48 மணி நேரக் கெடு இருந்ததால் மதிப்பீடு எப்போதும் முன்னுரிமை பெற்றது. டெவலப்பர் பாதியில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு மதிப்பீட்டுக்கு ஓடினார். வரும் கோரிக்கை கூடக்கூட, முடியும் வேலை குறையும் விசித்திரமான அமைப்பு அது. வரிசை நீண்டதால் எரிச்சலானவர்கள் இன்னும் அதிகம் கேட்டார்கள், அது இன்னும் நீண்டது.

ஆண்டர்சனும் டுமிட்ரியுவும் முன்வைத்தது: மதிப்பிடுவதையே நிறுத்துவோம். எதிர்ப்பு வராமல் இருக்குமா? எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் எப்படிப் பணம் ஒதுக்குவது என்று கேள்வி எழுந்தது. பதில் பழைய தரவில் இருந்தது. ஒப்பந்தப் பணம் எப்படியும் மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருந்தது, மதிப்பிட்டாலும் மதிப்பிடாவிட்டாலும் அது மாறப்போவதில்லை. முடிந்த கோரிக்கைகளை எடுத்துப் பார்த்ததில் ஒன்றுக்கு சராசரியாக 11 நாள் உழைப்பு ஆகியிருந்தது, 15 நாளைத் தாண்டியவை மிகச் சில. ஆகவே 15 நாளைத் தாண்டும் என்று தெரிபவை இந்தக் குழுவுக்கு உரியவை அல்ல, பெரிய திட்டமாகத் தனியே போகட்டும் என்று ஒரே ஒரு விதி போதுமானதாக இருந்தது.

உங்கள் குழுவில் இதைச் செய்ய, பாட்டில்நெக் படியில் இருப்பவர்களிடம் ஒரு வாரத்துக்கு அரைமணி நேரக் கணக்கில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இது அவர்களைக் கண்காணிக்க இல்லை, அவர்களை விடுவிக்கத்தான் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பொய்க் கணக்குதான் வரும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்யாமலே விட்டால் என்ன ஆகும்? வேறு யாராவது இதைச் செய்ய முடியுமா? இது ஏற்கெனவே செய்ததை மறுபடி செய்வதா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வீடியோ குழுவில் இரண்டு எடிட்டர்கள். வாரம் ஐந்து நாள் வேலை, ஒரு வீடியோவுக்கு ஒரு நாள். பத்து வீடியோ வர வேண்டும், ஆனால் ஆறுதான் வருகிறது. எடிட்டர் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேரக் குறிப்பைப் பார்த்தால், முடித்த வீடியோவை ஆசிரியர் பார்த்துவிட்டு, இந்தத் தகவல் சரியில்லை, இந்தப் பகுதி வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார். வாரத்துக்கு நான்கு நாள் மறுபடி வெட்டி ஒட்டுவதிலேயே போகிறது. ஆசிரியர் பார்ப்பதில் தவறில்லை, பார்க்கும் இடம்தான் தவறு. எழுத்துப் பிரதியிலேயே பார்த்துத் திருத்தினால் எழுத்தாளருக்கு அரைமணி நேரம். எடிட் முடிந்த பிறகு பார்த்தால் எடிட்டருக்கு ஒரு நாள். சோதனை எப்போதும் பாட்டில்நெக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், குறையுள்ள பொருள் அதற்குள் நுழையவே கூடாது. மூன்றாவது எடிட்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த குழுவுக்கு, ஒரு பார்வையை இரண்டு படி முன்னால் நகர்த்துவதே ஏறக்குறைய ஒரு எடிட்டருக்குச் சமம்.

## படி 4: மற்றவர்கள் இதன் வேகத்துக்கு ஒத்துப்போக வேண்டும்

இங்கேதான் மனஸ்தாபம் வரும். பாட்டில்நெக் இல்லாத படிகள் தங்களால் முடிந்த வேகத்தில் ஓடக் கூடாது. பாட்டில்நெக் எடுக்கும் அளவுக்கு மட்டும்தான் வேலையை உள்ளே விட வேண்டும்.

மலைப்பாதையில் வரிசையாக நடந்துபோகும் கூட்டத்தைப் போலத்தான் இது. மெதுவாக நடப்பவருக்கு முன்னால் போகிறவர்கள் வேகமாக நடந்தால் கூட்டம் சீக்கிரம் போய்ச்சேராது, வரிசைதான் நீண்டுகொண்டே போகும்.

எக்ஸ்ஐடியில் இதற்குச் செய்தது: டெவலப்மென்ட்டுக்கு முன்னால் ஒரு சிறிய வரிசை வைத்தார்கள், அதில் இத்தனை கோரிக்கைக்கு மேல் நிற்கக் கூடாது என்று எல்லை போட்டார்கள். அதற்கு முன்பு மாதம் ஒருமுறை மொத்தக் குவியலையும் எடுத்து, முழுவதுக்கும் முன்னுரிமை வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். 80 கோரிக்கைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் அந்தக் கூட்டம் எத்தனை சண்டையில் முடிந்திருக்கும் என்று யூகிக்கலாம். அதற்குப் பதிலாக வாரம் ஒரு போன் அழைப்பு. இந்த வாரம் மூன்று இடம் காலியாகியிருக்கிறது, அடுத்து எந்த மூன்று என்று வேலை கேட்பவர்களின் பிரதிநிதிகளிடம் ஒரே கேள்வி. வரிசைக்குள் வந்துவிட்டால் 25 நாளில் முடித்துத் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். முன்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தேதி சொல்லி ஒவ்வொன்றையும் தவறவிட்டவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வாக்கு காப்பாற்றக் கூடியதாக இருந்தது.

வரிசை எவ்வளவு நீளம் இருக்கலாம்? பாட்டில்நெக் ஒருபோதும் வேலை இல்லாமல் நிற்கக் கூடாது, அந்த அளவு போதும். வேலையை உள்ளே விடும் கூட்டம் வாரம் ஒருமுறை என்றால் ஒரு வாரத்துக்கான வேலையும், கைக்காவலாக அதில் பாதியும் வைத்துத் தொடங்குங்கள். அடிக்கடி காலியானால் கூட்டுங்கள். ஒருபோதும் பாதிக்குக் கீழே போவதில்லை என்றால் குறையுங்கள்.

இந்தப் படியில் மேலாளர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சும்மா இருப்பவரைப் பார்க்கப் பொறுக்காது. டெஸ்டருக்கு வேலை இல்லையே, ஏதாவது கொடுப்போம் என்று ஒரு புது அறிக்கை, ஒரு புது ஆவணம் என்று தொடங்குவார்கள். அந்த ஆவணத்தைச் சரிபார்க்க டெவலப்பரைக் கூப்பிடுவார்கள். போச்சு, பாட்டில்நெக்கின் நேரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓய்வாக இருப்பவர் பாட்டில்நெக்கின் சுமையில் எதையாவது வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சும்மா இருப்பதே குழுவுக்கு லாபம். ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் பிஸி என்று அளந்து போனஸ் கொடுக்கும் நிறுவனத்தில் இந்தப் படி நிச்சயம் தோற்கும். அந்த அளவுகோலை முதலில் தூக்கிப் போடச் சொல்லுங்கள், அல்லது இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

## படி 5: இப்போதுதான் ஆள்

முந்தைய இரண்டு படிகளுக்கும் பணம் செலவாகவில்லை. அவற்றுக்குப் பிறகும் அதே படிதான் தடையாக இருந்தால் திறனைக் கூட்டலாம். அதிலும் முதலில் இருக்கும் ஆட்களை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். எக்ஸ்ஐடியில் மூன்று டெவலப்பர், மூன்று டெஸ்டர் என்று இருந்ததை நான்கு, இரண்டு என்று மாற்றினார்கள். மொத்தம் அதே ஆறு பேர். டெஸ்டர்களுக்கு நேரம் மிச்சம் இருக்கிறது என்று படி 2இலேயே தெரிந்திருந்தது, ஆனால் அதை முதல் நாளே செய்திருந்தால்? மதிப்பீட்டு விதி அப்படியே இருந்திருக்கும், நான்காவது டெவலப்பரின் நேரத்திலும் ஒரு பங்கை அது விழுங்கியிருக்கும். மேலும், தரவு கையில் இல்லாதபோது டெஸ்டரைக் குறை என்று யாரிடமும் கேட்க முடியாது. வரிசை படம் பிடித்ததுபோல் தெரிந்த பிறகு அது எளிதான பேச்சாகிவிட்டது. இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்தது இதற்கும் பிறகுதான்.

புதிய ஆளைச் சேர்க்கும்போது ஒரு செலவு கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்? அந்த வேலை தெரிந்தவர்தான், அதாவது பாட்டில்நெக்கில் ஏற்கெனவே இருப்பவர். ஆகவே முதல் சில வாரங்களில் வெளியே போகும் எண்ணிக்கை குறையும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கெடு நெருங்கும்போது ஆள் சேர்க்காதீர்கள், வரிசை கட்டுக்குள் இருக்கும் மாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## படி 6: தடை இடம் மாறும், திரும்பப் பாருங்கள்

பாட்டில்நெக்கின் திறன் கூடிக்கொண்டே போனால் ஒரு நாள் வேறு ஏதோ ஒரு படி அதைவிட மெதுவானதாக ஆகும். டெவலப்பர் நான்கு, டெஸ்டர் இரண்டு என்று ஆக்கினால் டெஸ்டிங் முன்னால் குவியல் சேர ஆரம்பிக்கலாம். அதனால் வாராந்திர எண்ணிக்கையை நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து குவியல் புது இடத்தில் நின்றால் மறுபடியும் படி 3இல் இருந்து தொடங்குங்கள்.

தடை அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் தலைவலிதான், ஒவ்வொரு முறையும் மொத்த ஏற்பாட்டையும் மாற்ற வேண்டிவரும். தடை எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. பொதுவாக ஆள் கிடைப்பது அரிதான, பயிற்சி நீண்டகாலம் பிடிக்கும் படியிலேயே அதை வைத்துக்கொண்டு, மற்ற படிகளில் கொஞ்சம் உபரித் திறனைப் பராமரிப்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணருக்காக நோயாளி காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. தியேட்டரைச் சுத்தம் செய்யும் ஆள் போதாமல் நிபுணர் காத்திருப்பதில் இல்லை.

பழைய தடைக்காகப் போட்ட விதிகளையும் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். டெவலப்பர் பற்றாக்குறையாக இருந்தபோது அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடக் கூடாது என்று வைத்த விதி, இன்றைக்குத் தடை டெஸ்டிங்கில் இருக்கும்போது வீண் தொந்தரவு. எழுதி வைக்காத விதிகள்தான் அதிக நாள் உயிரோடு இருக்கும்.

## எங்கே இது வேலை செய்யாது

ஒவ்வொரு வேலையும் வேறு வேறு பாதையில் போகும் குழுவில், உதாரணமாக ஆராய்ச்சிக் குழுவில், நிலையான பாட்டில்நெக் இருக்காது. அங்கே குவியலை எண்ணினால் ஒவ்வொரு வாரமும் ஒரு புது இடம் காட்டும். ஆனாலும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு எல்லை போடுவது அங்கும் பலன் தரும்.

இரண்டாவது, தடை குழுவுக்கு வெளியே இருப்பது. அரசு அனுமதிக்காகவோ வாடிக்கையாளரின் பதிலுக்காகவோ நிற்கும் நாட்கள்தான் அதிகம் என்றால் உள்ளே யாரை நகர்த்தியும் பயனில்லை. அனுப்பும் விண்ணப்பம் ஒரே தடவையில் ஏற்கப்படும் அளவுக்கு முழுமையாக இருக்கிறதா என்பதில் மட்டும் உங்கள் கை இருக்கிறது.

மூன்றாவது, வேலையே போதாமல் இருப்பது. எக்ஸ்ஐடியின் குவியல் 2005 நவம்பரில் தீர்ந்த பிறகு நிலைமை அதை நோக்கித்தான் போனது. கோரிக்கை வந்தவுடன் எடுக்க முடிகிற குழுவுக்குத் தடை டெவலப்பரும் இல்லை டெஸ்டரும் இல்லை, வந்துசேரும் கோரிக்கைகளின் எண்ணிக்கைதான். வியாபாரத்தில் இதற்குப் பெயர் விற்பனை. உள்ளே ஒவ்வொரு படிக்கும் முன்னால் குவியல் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நேரம் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் வருமானம் ஏறவில்லை என்றால் உங்கள் படத்தில் முதல் பெட்டிக்கும் முன்னால் இன்னொரு பெட்டி வரைய வேண்டும்.